பெயரைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள்

"பேரைப் பெருசாப் போடுங்க சார், மத்ததெல்லாம் எங்கயாவது சொருகிக்கலாம்."

சாஷே பாக்கெட்டுக்கு டிசைன் செய்து கொடுக்கும் எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு வேலையை முடித்ததில்லை. சொல்பவர் ஊருக்கு ஊர் மாறுவார், வாக்கியம் மாறாது. அதற்குப் பின்னால் ஒரு முழுச் சித்தாந்தமே இருக்கிறது. பெயர்தான் முதல், பாக்கெட்டே ஒரு விளம்பரம், இரண்டு ரூபாய்க்கு வாங்குகிறவர் எதையும் படிக்க மாட்டார். எந்த வகை என்பதை நிறம் சொல்லிவிடும். எடை சட்டத்துக்காகப் போடுவது. மிச்சமிருக்கும் இடத்தில் எத்தனை நல்ல வார்த்தை கொள்ளுமோ அத்தனையும் போட்டுவிடலாம். விற்பனைக்காரர், அச்சகக்காரர், முதலாளியின் மைத்துனர் என்று அறையில் இருக்கும் எல்லோரும் இதில் ஒரே கட்சி. நான் எதிர்க்கட்சி. ஒரு பழகிய சரக்கின் சாஷேயில் மிகக் குறைவான வேலை இருப்பது பெயருக்குத்தான் என்பது என் வாதம். பெயர் பிடித்து வைத்திருக்கும் இடத்தில் பாதியை, அது எந்த வகை என்று சொல்லும் சொல்லுக்குக் கொடுக்க வேண்டும்.

முதலில் ஒரு சாஷே எப்படி விலைபோகிறது என்று பார்ப்போம். பெரிய கடைத் தட்டில் பாட்டில் விற்கிற கதை வேறு. அங்கே வாங்குகிறவர் நடக்கிறார், எடுக்கிறார், திருப்பிப் பார்க்கிறார், திரும்ப வைக்கிறார். மளிகைக் கடையிலும் பெட்டிக்கடையிலும் சரக்குக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே ஒரு மேஜை இருக்கிறது, அதன்மேல் மிட்டாய் பாட்டில்கள் இருக்கின்றன, அதற்கும் பின்னால் கடைக்காரர் இருக்கிறார். சாஷேக்கள் அவர் தலைக்கு மேலே கம்பியில் சரம்சரமாகத் தொங்குகின்றன. வாங்குகிறவர் கை அங்கே எட்டாது, குரல்தான் எட்டும். "அண்ணாச்சி, ரெண்டு ஷாம்பு குடுங்க" என்று கம்பெனிப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார். அந்தப் பெயரை அவர் தொலைக்காட்சியிலோ பக்கத்து வீட்டிலோ போன மாதமே வாங்கிக்கொண்டுவிட்டார். பெயரின் வேலை கடை வாசலுக்கு வருமுன்பே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கடைக்காரர் கேட்கிறாரே, "எது, கறுப்பா, நெல்லியா?" என்று, அந்த இடத்தில்தான் லேபிளின் வேலை தொடங்குகிறது. வாங்குகிறவர் அண்ணாந்து பார்த்து, "அது இல்ல, அதுக்குப் பக்கத்துல உள்ளது" என்று விரல் நீட்டுகிறார். கண் தேடுவது வகையை. நாம் அச்சடித்து வைத்திருப்பது அவர் ஏற்கெனவே உச்சரித்துவிட்ட பெயரை.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். சாஷே தனியாகத் தொங்குவதில்லை. பன்னிரண்டோ பதினாறோ சேர்ந்து ஒரு சரம். கணினித் திரையில் ஒற்றைப் பாக்கெட்டை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு, பெயர் கண்ணில் படவில்லை என்று கவலைப்படுகிறவர்கள், கடையில் அதே பெயர் மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு முறை வரப்போகிறது என்பதை எண்ணுவதில்லை. விளம்பரப் பலகை வேண்டுமென்றால் சரமே அந்தப் பலகைதான். ஒற்றைப் பாக்கெட் அந்தப் பலகையில் ஒரு சொல். பெயரைச் சற்றுச் சுருக்கினாலும் அதன் நிறமும் வடிவமும் பன்னிரண்டு மடங்காகக் கண்ணில் விழும்.

இந்த வியாபாரம் எங்கோ மேல்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிறந்ததல்ல. கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன்தான் இந்தியாவில் சாஷேயின் தந்தை என்று சொல்லப்படுகிறவர். அவருடைய மகன்கள் வெல்வெட் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் விற்றார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியே பிரிந்து வந்து தொடங்கியது சிக் ஷாம்பூ. அப்பாவின் பெயரிலிருந்து எடுத்துச் சுருக்கிய பெயர் அது. எழுதிப் பாருங்கள்: 'சி', 'க்'. இரண்டே எழுத்து. ஐந்து சென்டிமீட்டர் அகலப் பாக்கெட்டில் அதைவிட வசதியான பெயர் கிடையாது. சிறியதாக அச்சிட்டாலும் தெரியும், பெரியதாக அச்சிட்டாலும் அடுத்த வீட்டை இடிக்காது. இன்று வருகிறவர்கள் 'ஸ்ரீ', 'ஹெர்பல்', 'கேர்', 'நேச்சுரல்' எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்துப் பெயர் வைத்துவிட்டு, அதைப் பெரிதாகவும் போடச் சொல்கிறார்கள். பெயர் வைக்கிற அன்றே லேபிளின் பாதிச் சண்டை நடந்து முடிந்துவிடுகிறது.

இனி இடக் கணக்கு. இதை மில்லிமீட்டரில் பேசாமல் அழகியலில் பேசுவதால்தான் விவாதம் முடிவதே இல்லை. நான் கைவைத்த ஒரு வேலையையே எடுத்துக்கொள்கிறேன். தலைக்குத் தேய்க்கும் தூள், 8 கிராம் பாக்கெட். மூன்று வகை: சீயக்காய், செம்பருத்தி, வெந்தயம். பாக்கெட்டின் வெளி அளவு 55 மி.மீ. அகலம், 75 மி.மீ. உயரம். நான்கு பக்கமும் சீல். பக்கவாட்டில் 6 மி.மீ. வீதம், மேலும் கீழும் 8 மி.மீ. வீதம் சீலுக்குப் போய்விடும். சீல் பட்டையில் சூடான தாடையின் வரிவரியான பள்ளம் விழும், அங்கே எழுத்து நிற்காது. அதற்கு உள்ளேயும் சுற்றிலும் 2 மி.மீ. விட வேண்டும். பாக்கெட் போடும் மிஷின், பிலிமின் ஓரத்தில் இருக்கும் ஐ-மார்க் என்ற கறுப்புக் கட்டத்தைப் பார்த்துத்தான் வெட்டுகிறது. பிலிம் கொஞ்சம் இழுபட்டாலும் வெட்டு மேலேயோ கீழேயோ நகரும். ஆக மிஞ்சுவது 39-க்கு 55 மி.மீ. வெளியே 41 சதுர சென்டிமீட்டர் இருந்த பாக்கெட்டில் எழுதத் தக்கது 21 சதுர சென்டிமீட்டர். பாதிதான். திரையில் முழுச் செவ்வகத்தையும் பார்த்துக்கொண்டு பங்கு பிரிக்கிறவர்கள், இல்லாத நிலத்துக்குப் பட்டா போடுகிறார்கள்.

அந்தத் தூள் கம்பெனியிடம் ஏற்கெனவே இருந்த டிசைனில் பெயர் வளைந்து நெளிந்து 18 மி.மீ. உயரம். அதன் கீழே முதுகு நிறைய முடி விரித்த பெண் ஒருத்தி. அவள் இடுப்பருகே சாய்வாக ஓடும் ஒரு நாடா, அந்த நாடாவில் வகையின் பெயர் 2 மி.மீ. உயரத்தில். அதைச் சுற்றி நான்கு வாக்குறுதிகள். எடையும் விலையும் கீழ்ச் சீலை ஒட்டி.

அந்த 2 மி.மீ.தான் எனக்கு வேண்டிய சாட்சி. கண் மருத்துவர் அட்டையில் 6/6 என்று வரும் நல்ல பார்வை, கண்ணில் 5 கலைக் கோணம் எடுத்துக்கொள்ளும் எழுத்தைப் படிக்கும் பார்வை. கடை மேஜையிலிருந்து கம்பி வரை ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோணம் 2.2 மி.மீ. உயரமாகிறது. அதாவது குறையே இல்லாத கண், நல்ல வெளிச்சத்தில், எளிய வடிவ எழுத்தை, அசையாத அட்டையில் படிக்கும் எல்லை 2.2. நம்முடைய நாடா அந்த எல்லைக்கும் கீழே. கடையில் இருப்பது ஒற்றை டியூப்லைட், மினுமினுக்கும் பிலிம், ஆடும் சரம், ஐம்பதைத் தாண்டிய கண். அங்கே வசதியாகப் படிக்க அந்த எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். 5 மி.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் பழக்கம். "வாங்குறவங்க படிக்க மாட்டாங்க" என்று அந்த முதலாளி சொன்னார். படிக்க முடியாத அளவில் அச்சடித்துவிட்டு, படிக்கவில்லை என்று அவர்கள் மேலேயே குற்றம் சொல்லும் நியாயம் இது.

இந்த 'படிக்க மாட்டார்கள்' வாதத்தை இன்னும் கொஞ்சம் துருவ வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. கடைக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு எழுத்துத் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த எழுத்து? வகையின் பெயரை ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் சரிந்த கையெழுத்து வடிவில் போட்டுவிட்டால் எட்டு பேர் எத்தனை பேராகச் சுருங்குவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பொதியப்பட்ட சரக்குகளுக்கான எடை அளவு விதிகள், கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கின்றன. கூடுதலாக வேறு மொழியில் போடுவதை அவை தடுக்கவில்லை. எடை, விலை, முகவரி எல்லாம் ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், இலக்கம் எல்லோருக்கும் பொதுதான். வகையின் பெயரை முதலில் தமிழில் போட வேண்டாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

தமிழில் போடுவதில் சிக்கல் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நம் எழுத்து அகலம் கேட்கும். 'செம்பருத்தி' என்று எழுதினால் கொம்பையும் சேர்த்து ஏழு உருவங்கள் வரிசையில் நிற்கின்றன. 39 மி.மீ. அகலத்தில் ஏழு உருவம் என்றால் ஒன்றுக்கு ஐந்தரை மி.மீ.தான், உயரமும் ஏறக்குறைய 5 மி.மீ.க்கு மேல் போகாது. நல்லவேளையாக அந்த 5 போதும். 'நெல்லிக்காய்' என்று ஒரு வகை இருந்திருந்தால் நான் 'நெல்லி' என்று மட்டும் போட்டிருப்பேன். கடையில் யாரும் முழுச் சொல்லையும் சொல்லிக் கேட்பதில்லை. வகையின் பெயர் வாயில் வரும் சொல்லாக இருக்க வேண்டும். மார்க்கெட்டிங் அறிக்கையில் இருக்கும் 'ஹைபிஸ்கஸ் நரிஷ்' கடைக்காரர் வாயில் ஒருநாளும் வரப்போவதில்லை. அவர் "செம்பருத்தி" என்பார், வாங்குகிறவரும் "செம்பருத்தி" என்பார், பாக்கெட் மட்டும் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்.

அச்சுக்கும் இதில் ஒரு சொல் உண்டு. இந்தப் பிலிம்கள் கிராவூர் முறையில் அச்சாகின்றன. ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர். நான்கைந்து நிறம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது அவை மயிரிழை விலகித்தான் விழும். அடர்ந்த படத்தின் நடுவே வெள்ளை எழுத்தைக் குடைந்து வைத்தால், சுற்றியுள்ள நிறங்கள் இரண்டு பக்கமும் எழுத்துக்குள் நுழைந்து அதைத் தின்னும். ஆங்கில எழுத்தாவது கோடும் கோணமுமாகப் பிழைத்துக்கொள்ளும். நம்முடைய 'ழ'வின் சுழியும், 'த்' மேல் இருக்கும் புள்ளியும்தான் முதல் பலி. புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும், 'செம்பருத்தி' 'செமபருததி' ஆகும். ஆகவே வகையின் பெயர் ஒரே சிலிண்டரில், வெள்ளைப் பட்டையின்மேல் அடர்நிறத்தில் வர வேண்டும். வெள்ளிப் பிலிமின் மினுக்கும் அந்தப் பட்டைக்குக் கீழே மறைந்துவிடும். சாஷே உப்பியிருக்கும் இடத்தில் டியூப்லைட் வெளிச்சம் நெடுக ஒரு வெள்ளைக் கோடாக விழுமே, அதில் எழுத்து காணாமல் போகாது.

அடுத்து நிறக் கட்சிக்கு வருகிறேன். "வகைக்கு ஒரு நிறம் குடுத்துட்டா போதும், பச்சைன்னா வேம்பு, மஞ்சள்னா எலுமிச்சை." இரண்டு வகை இருக்கும்வரை இது செல்லும். மூன்றாவதாகக் கற்றாழை வரும்போது இன்னொரு பச்சை, நான்காவதாகத் துளசி வரும்போது இன்னுமொரு பச்சை. மூலிகைக்காரர்களுக்கு உலகமே பச்சைதான். போன முறை அடித்த பச்சையும் இந்த முறை அடித்த பச்சையும் ஒன்றாக வருவதில்லை என்பது அச்சகத்தில் ஒரு நாள் நின்றவருக்குத் தெரியும். கடையில் பழைய சரமும் புதிய சரமும் அடுத்தடுத்துத் தொங்கும்போது ஒரே வகை இரண்டு வகையாகவும், இரண்டு வகை ஒன்றாகவும் தெரியும். நிறம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது சொல்லுக்குத் துணையாக வரட்டும். சொல்லுக்குப் பதிலாக அதை நிறுத்தினால் கடைக்காரரின் ஞாபகசக்தியைத்தான் லேபிளாக்கியிருக்கிறோம்.

தப்பு நேர்ந்தால் என்ன ஆகும் என்பது குளியலறையில் தெரியும். எங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்த பெரியம்மா ஒரு காலை தலை அலசிவிட்டு, நுரையே வரவில்லை என்று மூன்று பாக்கெட் பிரித்துப் போட்டுத் தேய்த்திருந்தார். மூன்றும் கண்டிஷனர். அதே கம்பெனியின் ஷாம்பூ சாஷேயும் அதுவும் ஒரே பெயர், ஒரே வளைவு, ஒரே பெண். வித்தியாசம் கீழே ஒரு வரியில் ஆங்கிலத்தில் இருந்தது. ஈரக் கை, நீராவி, கண்ணாடி வெளியே அலமாரியில். அவரைப் படிக்கத் தெரியாதவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன், தினமும் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர் அவர். கம்பெனிப் பெயர் அந்தப் பாக்கெட்டில் மிகத் தெளிவாகத்தான் இருந்தது. அதைக் கொண்டு அவருக்கு என்ன பயன்?

வாக்குறுதிக்கு வருவோம். பழைய டிசைனில் நான்கு இருந்தன என்றேன்: கருமை, அடர்த்தி, உதிர்வு நிற்கும், பளபளப்பு. நான்கும் 2 மி.மீ.க்குக் கீழே. ஒன்றுதான் போட வேண்டும் என்று நான் சொன்னபோது, எதை எடுப்பது என்று ஒரு மாதம் இழுத்தது. இங்கே என் அளவுகோல் ஒன்றே. சாஷே ஒரு குளியலுக்கான சரக்கு. அந்த ஒரு குளியல் முடிவதற்குள் வாங்கியவர் தன் கையாலேயே சரிபார்த்துக்கொள்ளக் கூடிய வார்த்தையைத்தான் அதில் எழுத வேண்டும். மூன்று மாதத்தில் அடர்த்தி என்று பாட்டிலில் எழுதுங்கள், ஆதாரம் கையில் இருந்தால். எட்டுக் கிராமில் மூன்று மாத வாக்குறுதி கொடுப்பது, டவுன் பஸ் டிக்கெட்டின் பின்னால் காசி யாத்திரைக்கு உத்தரவாதம் எழுதுவதைப் போன்றது. கடைசியில் நாங்கள் எடுத்தது, எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு பிசுக்கு போவதை: 'எண்ணெய் போக ஒரே அலசல்'. வெள்ளிக்கிழமை காலையில் வாங்கியவர் அது உண்மையா பொய்யா என்று பத்து மணிக்குள் சொல்லிவிடுவார். அதை எழுதத் துணிவதற்கு முன், எண்ணெய் தேய்த்த நாலைந்து தலைகளில் 8 கிராம் போதுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இடுப்பளவு முடிக்குப் போதவில்லை. அதனால் பின்பக்கத்தில் நீண்ட முடிக்கு இரண்டு பாக்கெட் என்று ஒரு வரி சேர்ந்தது. விற்பனைக்காரர் அந்த வரியை ரசித்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எடை. இதில்தான் எதிர்த்தரப்பு மிக அலட்சியமாக இருக்கிறது. எடை அளவு விதிகள் 10 கிராம் அல்லது 10 மில்லி வரையுள்ள பொதிகளுக்கு விலக்குத் தருகின்றன, பிறகு எதற்கு அதற்கு இடம் என்பார்கள். (உணவுக்கும் அழகுசாதனத்துக்கும் உள்ள தனி விதிகள் தனியே கேட்பது வேறு விஷயம். அதைப் பார்க்காமல் விலக்கை நம்பி அச்சடிக்க வேண்டாம்.) ஆனால் சாஷேயின் பொருளாதாரமே எடையில்தான் ஓடுகிறது. பாட்டிலுக்குச் செலவு ஏறினால் விலையை ஏற்றுவார்கள். சாஷேயின் விலை ஒரு நாணயத்தோடு கட்டப்பட்டது, அது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்தான். ஆகவே மூலப்பொருள் விலை ஏறும்போதெல்லாம் நாணயம் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது இளைக்கும். பாக்கெட்டில் மாறுகிற ஒரே எண் எடைதான். அதைத்தான் கீழ்ச் சீலின் மடிப்பில் ஒளித்து வைக்கிறோம்.

ஒளித்து வைப்பது தனக்கே எப்படி வினையாகும் என்பதற்கு 2025 நல்ல உதாரணம். செப்டம்பர் 22-ல் ஷாம்பூவின் ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆக இறங்கியது. ஒரு 2 ரூபாய் சாஷேயை எடுத்துக்கொள்வோம், உள்ளே 6 மில்லி. பழைய விகிதத்தில் அந்த 2 ரூபாய்க்குள் வரி சுமார் 31 காசு. வரிக் குறைப்பை அப்படியே வாங்குகிறவருக்குக் கொடுத்தால் விலை 1 ரூபாய் 78 காசு ஆக வேண்டும். 22 காசு சில்லறையை எந்தக் கடைக்காரர் எண்ணிக் கொடுப்பார்? விலையை 2 ரூபாயிலேயே வைத்து அதே நியாயத்தைச் செய்ய வேண்டுமென்றால் 6 மில்லியை ஏறக்குறைய 6.7 மில்லி ஆக்க வேண்டும். ஆக்கினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதை வாங்குகிறவர் எங்கே பார்ப்பார்? இத்தனை வருடமாக எடையை ஒரு மி.மீ. எழுத்தில் மறைத்துப் பழகிய லேபிள், நல்லது செய்யும் அன்று அதைச் சொல்ல நாவில்லாமல் நிற்கும். எடையும் விலையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வரியில், ஒரே உயரத்தில், எழுதத் தக்க பகுதிக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். குறைக்கும்போது கூச்சமாக இருக்கும், உண்மை. அந்தக் கூச்சம் லேபிளில் தீர்க்க வேண்டிய பிரச்சினை இல்லை.

எதிர்த்தரப்பிடம் வலுவான வாதம் இல்லாமல் இல்லை. புதிதாக வருகிறவனை யாரும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள், அவன் பெயரைச் சின்னதாக்கினால் எப்போது அறிமுகமாவான் என்று கேட்கிறார்கள். சரிதான். முதல் ஒன்றிரண்டு வருடம் அவன் பெயருக்குக் கூடுதலாக இடம் கொடுக்கலாம். அப்போதும் அவனிடம் நான் சொல்வது, மூன்று வகையோடு வராதே, ஒன்றோடு வா என்பதுதான். ஒரே வகை என்றால் வகைப் பெயருக்குத் தேவைப்படும் இடம் குறையும், பெயருக்கு அது கிடைக்கும். மூன்று வகையும் பெரிய பெயரும் ஒருங்கே வேண்டும் என்றால் 39 மி.மீ. ஒத்துக்கொள்ளாது. போலிகளைத் தடுக்கப் பெரிய பெயர் வேண்டும் என்பது அவர்களுடைய இரண்டாவது வாதம். இது எனக்குப் புரிந்ததே இல்லை. போலி அடிக்கிறவன் முதலில் பார்த்து அடிப்பதே அந்தப் பெரிய வளைவையும் நிறத்தையும்தான். தூரத்திலிருந்து தெரிவது எதுவோ அதுதான் சுலபமாகத் திருட்டுப்போகும்.

மூன்றாவது வாதம் காசு. வகைப் பெயரைப் பெரிதாக்கினால் வகைக்கு வகை டிசைன் மாறும், சிலிண்டர் செலவு ஏறும் என்று அச்சகத்தில் பயமுறுத்துவார்கள். ஆறு நிறம், மூன்று வகை என்றால் பதினெட்டுச் சிலிண்டர். ஆனால் பெயர், பின்னணி, வெள்ளைப் பட்டை ஆகியவற்றை எல்லா வகைக்கும் பொதுவான நான்கு சிலிண்டரில் வைத்துவிட்டு, வகைப் பெயரையும் அதன் படத்தையும் மட்டும் இரண்டு சிலிண்டருக்குள் அடக்கினால், நான்கும் ஆறும் சேர்ந்து பத்து போதும். அப்படி அடக்குவதற்கு வகைக்கான எல்லாமும் ஒரே கட்டத்துக்குள் கூடி நிற்க வேண்டும், பாக்கெட் முழுக்கச் சிதறக் கூடாது. வாங்குகிறவர் கண்ணுக்கு எது நல்லதோ அதுவே இங்கே சிலிண்டர் கணக்குக்கும் நல்லதாக அமைகிறது. மூன்று வகையையும் ஒரே சிலிண்டரில் பக்கம் பக்கமாக அடித்துவிடலாமே என்று யாராவது குறுக்குவழி சொன்னால் ஏமாற வேண்டாம். அப்போது மூன்றும் சரிசமமாகத்தான் அச்சாகும். சீயக்காய்ப் பிலிம் தீர்ந்து நிற்கும்போது வெந்தயப் பிலிம் குடோனில் கிடக்கும்.

கடைசியில் அந்த 55 மி.மீ. உயரத்தை இப்படிப் பிரித்தோம். மேலே பெயருக்கு 12. அடுத்து வெள்ளைப் பட்டை 14, அதில் வகைப் பெயர் தமிழில் 5 மி.மீ. எழுத்தில், அடியில் ஆங்கிலத்தில் சின்னதாக. அதற்கும் கீழே அந்தந்தக் காயோ பூவோ 13. ஒற்றை வாக்குறுதிக்கு 7. எடைக்கும் விலைக்கும் 6. மீதி 3 மி.மீ. இடைவெளி. முடி விரித்த பெண் வேலையிழந்தாள். பெயர் மேலே இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தூள் சரத்தில் தொங்கும்போது கீழே இறங்கி அடியில் உப்பும், மேல்பாதி தட்டையாக நிற்கும். பெயரும் வகையும் அந்தத் தட்டையில் வந்தன. பிரிக்கிறவர் மேலே கிழிப்பார், பெயரில் ஒரு துண்டு போகலாம், போகட்டும். பாதி உபயோகித்து மடித்துச் சோப்புப் பெட்டியில் வைக்கும் மிச்சத்தில் வகைப் பெயர் முழுசாக இருக்கும்.

அச்சுக்குப் போகுமுன் செய்த சோதனைக்குக் காசு ஆகவில்லை. சாதாரணத் தாளில் நிஜ அளவில் அடித்து வெட்டி, சீயக்காய்த் தூள் போட்ட சின்னப் பிளாஸ்டிக் உறைகளில் ஒட்டிச் சரமாகக் கோத்து, கையால் ஒருமுறை கசக்கிவிட்டு, ஒரு கடைக்காரரிடம் கெஞ்சி அவர் கம்பியில் தொங்கவிட்டோம். பக்கத்தில் பழைய சரம். வருகிறவர்களிடம் கருத்து எதுவும் கேட்கவில்லை. கருத்துக் கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். ஒரு வகையின் பெயரைச் சொல்லி, எது என்று கை காட்டச் சொன்னோம். பழைய சரத்தில் விரல் அலைந்தது, சிலர் கடைக்காரரைப் பார்த்தார்கள், இரண்டு பேர் தப்பைக் காட்டினார்கள். புதியதில் விரல் நேரே போனது. ஒரே இடத்தில் மட்டும் தடுமாற்றம் இருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல், கடையின் மஞ்சள் பல்பின் கீழே, வெந்தயத்தின் மஞ்சளும் சீயக்காயின் பழுப்பும் ஒன்றாகத் தெரிந்தன. சொல்லைப் படித்தவர்கள் சரியாகக் காட்டினார்கள், நிறத்தை நம்பியவர்கள் தவறினார்கள். வெந்தயத்தைப் பச்சைக்கு மாற்றினோம்.

டிசைனைப் பார்த்துவிட்டு முதலாளி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் சரி, பேரு மட்டும் ஒரு ரெண்டு மில்லிமீட்டர் ஏத்தலாமா?" என்றார். எதிலிருந்து எடுக்கட்டும் என்று கேட்டு, பென்சிலை அவர் பக்கம் நகர்த்தினேன். வகைப் பட்டைமேல் வைத்தார், எடுத்தார். எடைமேல் வைத்தார், கணக்குப்பிள்ளையைப் பார்த்தார், எடுத்தார். கடைசியில் பூவின் படத்திலிருந்து இரண்டு மி.மீ. போனது.